சித்திரக்கதைப் பக்கங்களைப் பேச வைப்போம்

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய சித்திரக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றனவா? ஸ்கேனரும் ஒரு மைக்கும் இருந்தால் அவற்றைக் கதை சொல்லும் வீடியோவாக மாற்றிவிடலாம். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு கட்டமும் திரையில் பெரிதாக வரும். கேமரா அதன் மேல் மெதுவாக நகரும். பின்னணியில் ஒருவர் கதையைப் படிப்பார்.

இந்த வேலையில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. என் தங்கை மகன் வெளி மாநிலத்தில் படிக்கிறான். வீட்டில் தமிழ் பேசுவான், கேட்டால் நன்றாகப் புரியும், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நானும் தங்கையும் சிறு வயதில் படித்த புத்தகத்தைக் கொடுத்தால் படம் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறான். "பாட்டி படிச்சுச் சொன்னா கேப்பேன்" என்றான். சரி, அம்மாவின் குரலில் படிக்க வைத்து வீடியோவாக அனுப்பிவிடலாம் என்று தொடங்கினேன்.

முதல் வீடியோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். "என்னடா இது, படம் குளிர்ல நடுங்குற மாதிரி இருக்கு. கண்ணு வலிக்குது" என்றார். அந்த நடுக்கம் ஏன் வருகிறது, எப்படிப் போக்குவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

எந்தப் புத்தகம்?

முதலில் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துக்கும் ஓவியத்துக்கும் உரிமை, படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் எல்லோரையும் இதில் கணக்கில் எடுக்க வேண்டும். நம் அலமாரியில் உள்ள பெரும்பாலான சித்திரக்கதைகளுக்கு இன்னும் உரிமையாளர் இருப்பார். அவற்றை வைத்துச் செய்த வீடியோவைக் குடும்பத்துக்குள் வைத்துக் கொள்ளுங்கள், யூடியூபில் ஏற்றாதீர்கள். எல்லோரும் பார்க்கும்படி வெளியிட விரும்பினால் உரிமைக்காலம் முடிந்தவற்றைத் தேடுங்கள். 1934-ல் மறைந்த வின்சர் மெக்கேயின் அமெரிக்கச் சித்திரக்கதைகளும் 1943-ல் மறைந்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் படக்கதைகளும் அப்படிப்பட்டவை.

தேவையான சாப்ட்வேர்

மூன்றே புரோகிராம்கள் போதும். படத்தைத் திருத்த கிம்ப், குரலைப் பதிய ஆடாசிட்டி, வீடியோ உருவாக்க எஃப்எஃப்எம்பெக். மூன்றும் இலவசம்.

முன்பு இந்த வேலைக்கு மைக்ரோசாப்டின் ஃபோட்டோ ஸ்டோரி, விண்டோஸ் மூவி மேக்கர் ஆகியவற்றைப் பயன்படுத்தி வந்தோம். மூவி மேக்கரை மைக்ரோசாப்ட் 2017-ல் நிறுத்திவிட்டது. இப்போது ஷாட்கட், கேடென்லைவ் போன்ற வீடியோ எடிட்டர்களிலும் படத்தை நகர்த்தலாம். நான் எஃப்எஃப்எம்பெக்கை எடுத்துக் கொண்டதற்குக் காரணம், எத்தனை நொடியில் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை அதில் கணக்காகவே எழுதிவிடலாம். மெனுக்கள் கிடையாது, கட்டளையை டைப் செய்ய வேண்டும். ஒரு கட்டத்துக்கு எழுதிய கட்டளையில் எண்ணை மட்டும் மாற்றி அடுத்த கட்டத்துக்குப் பயன்படுத்தலாம்.

ஸ்கேன் செய்யும்போது

எத்தனை டிபிஐ-யில் ஸ்கேன் செய்வது? பலர் 300 என்று வைத்துவிடுகிறார்கள். அச்சிட அது போதும். நமக்கு முழுப் பக்கம் திரையில் வரப்போவதில்லை, ஒரு சிறு கட்டம்தான் திரை முழுவதும் விரியப் போகிறது. எனவே பக்கத்தை அளக்காமல் கட்டத்தை அளக்க வேண்டும்.

என்னிடம் இருந்த புத்தகத்தின் பக்கம் 7 அங்குல அகலம், 9.5 அங்குல உயரம். ஒரு பக்கத்தில் மூன்று வரிசைகள், பெரும்பாலும் வரிசைக்கு இரண்டு கட்டங்கள். சிறிய கட்டத்தின் அகலம் 3 அங்குலம். முழு ஹெச்டி திரையின் அகலம் 1920 புள்ளிகள். 1920-ஐ 3-ஆல் வகுத்தால் 640 வருகிறது. ஆகவே 600 டிபிஐ வைத்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும். 300-ல் ஸ்கேன் செய்தால் அந்தக் கட்டம் 900 புள்ளிகள்தான் இருக்கும். அதை இரண்டு மடங்குக்கு மேல் இழுத்தால் கோடுகள் பிசிறடிக்கும்.

600 டிபிஐ-யில் ஒரு பக்கம் 4200க்கு 5700 புள்ளிகள் வரும். பைல் பெரிதாக இருக்கிறதே என்று ஜேபெக் ஆக்கிவிடாதீர்கள், பிஎன்ஜி-யாகவே சேமியுங்கள். ஜேபெக் படத்தில் கறுப்புக் கோட்டைச் சுற்றி அழுக்குப் போல் சில புள்ளிகள் படியும். பெரிதாக்கிப் பார்க்கும்போது அது தெரியும்.

பழைய தாளில் பின்பக்கத்து அச்சு முன்பக்கம் ஊடுருவித் தெரியும். இதற்கு எளிய வழி, ஸ்கேன் செய்யும் தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைப்பது. ஸ்கேனர் மூடியின் வெள்ளை நிறம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் பின்பக்க அச்சு தெரிகிறது. கறுப்புத் தாள் அந்த ஒளியை விழுங்கிவிடும். படம் சற்று மங்கலாகும், கிம்ப் புரோகிராமில் Colors மெனுவில் உள்ள Levels மூலம் அதைச் சரி செய்து கொள்ளலாம்.

அச்சுப் புள்ளிகளை அடக்குங்கள்

வண்ணச் சித்திரக்கதையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆகாயத்தின் இளநீலம் உண்மையில் இளநீலம் இல்லை, வெள்ளைத் தாளில் சிறு சிறு நீலப் புள்ளிகள்தான். ஸ்கேனர் இந்தப் புள்ளிகளையும் சேர்த்துப் பிடிக்கும். படம் அசையாமல் இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. நகரத் தொடங்கியதும் ஆகாயம், ஆறு, சட்டை போன்ற வண்ணப் பரப்புகளில் எறும்பு ஊர்வது போல ஒரு மினுமினுப்பு எழும். அச்சுப் புள்ளிகளின் வரிசையும் திரைப் புள்ளிகளின் வரிசையும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாததால் வருவது இது.

உங்கள் ஸ்கேனர் சாப்ட்வேரில் Descreen என்று ஒரு வசதி இருந்தால் அதைத் தேர்வு செய்யுங்கள். இல்லையென்றால் கிம்பில் Filters மெனு, Blur, Gaussian Blur சென்று அளவை 2 என வையுங்கள். புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து சமமான நிறமாகும்வரை 0.5 வீதம் கூட்டிப் பாருங்கள். என் புத்தகத்துக்கு 2.5 தேவைப்பட்டது. கறுப்புக் கோடுகளும் கொஞ்சம் மென்மையாகும். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த படத்தில் அது கண்ணை உறுத்தாது. இந்த வேலையை எதையும் பெரிதாக்குவதற்கோ சிறிதாக்குவதற்கோ முன்பே செய்துவிட வேண்டும். அளவை மாற்றிய பிறகு மினுமினுப்பு படத்தோடு ஒட்டிக் கொள்ளும், பிறகு மங்கலாக்கினாலும் போகாது.

இதற்குப் பின் ஒவ்வொரு கட்டத்தையும் Rectangle Select கருவியால் தேர்வு செய்து, Image மெனுவில் Crop to Selection கொடுத்து, `p01.png`, `p02.png` என்று தனித்தனி பைல்களாக ஏற்றுமதி செய்யுங்கள். கட்டத்தின் எல்லைக்கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டுங்கள். அடுத்த கட்டத்தின் ஓரம் எட்டிப் பார்த்தால் கதையில் என்ன வரப்போகிறது என்பது முன்பே தெரிந்துவிடும்.

குரல் முதலில், படம் பிறகு

நான் முதலில் செய்த பெரிய தவறு, படங்களை நகர்த்தி வீடியோ செய்துவிட்டு, அதற்கு ஏற்பப் படிக்கும்படி அம்மாவிடம் சொன்னது. பாவம், சில இடங்களில் ஓட்டமாக ஓடினார், சில இடங்களில் படம் நகர்ந்து முடிய வேண்டுமே என்று காத்திருந்தார். கதை சொல்வது போலவே இல்லை.

சரியான வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் முழுக் கதையையும் அவர் போக்கில் படிக்க விட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து, அதற்கு ஏற்பப் படத்தை நகர்த்துங்கள்.

ஆடாசிட்டியில் மோனோ, 48000 ஹெர்ட்ஸ் என வைத்துப் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். படிக்கத் தொடங்கும் முன் ஐந்து நொடி எல்லோரும் பேசாமல் இருங்கள். இந்த ஐந்து நொடி 'அறையின் மவுனம்' நமக்கு இரண்டு விதத்தில் உதவும். Noise Reduction வசதியில் Get Noise Profile கொடுக்க இந்தப் பகுதியைத்தான் தேர்வு செய்ய வேண்டும். இரைச்சலை நீக்கிய பிறகு, எங்காவது இடைவெளி கூட்ட வேண்டுமானால் இதையே காப்பி செய்து ஒட்டலாம். Generate மெனுவில் உள்ள Silence கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள். அது போடும் மவுனத்தில் அறையின் மெல்லிய ஒலிகூட இருக்காது. கேட்பவருக்குத் திடீரென்று காது அடைத்தது போல இருக்கும்.

பதிவு முடிந்ததும் இடைவெளிகளைக் கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு கட்டத்தின் கதையும் ஒரு முழு நொடியில் தொடங்கும்படி அமையுங்கள். 31.4 நொடியில் தொடங்கினால் 0.4 நொடி மவுனத்தை வெட்டி 31-க்குக் கொண்டு வாருங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு கட்டத்தின் நீளமும் முழு எண்ணாகக் கிடைக்கும், கடைசியில் குரலும் படமும் விலகாது. தொடக்கத்தில் உள்ள ஐந்து நொடி மவுனத்தைக் கடைசியாக நீக்கிவிட்டு, முதல் கட்டம் சரியாக 0-வில் தொடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு கட்டங்கள் தொடங்கும் இடங்களில் `Ctrl+B` அழுத்திப் பெயர் இடுங்கள். நொடிகளை ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். முழுப் பதிவையும் ஒரே பைலாக `kathai.wav` என்று சேமியுங்கள்.

ஒரு கட்டத்தைச் செய்து பார்ப்போம்

எங்கள் கதையில் மூன்றாவது கட்டம் பக்கத்தின் முழு அகலத்துக்கும் நீண்டது. இடது பக்கம் படகோட்டி பயணியிடம் பேசுகிறார், நடுவில் ஆறு, வலது ஓரத்தில் அக்கரையில் ஒரு புலி. கட்டத்தின் அளவு 6.2 அங்குலத்துக்கு 2.75 அங்குலம். 600 டிபிஐ-யில் அது 3720க்கு 1650 புள்ளிகள்.

இதை 1080 புள்ளிகள் உயரத்துக்குச் சுருக்கினால் அகலம் ஏறக்குறைய 2435 வரும். திரைக்கு 1920 போதும். மீதி 515 புள்ளிகள் திரைக்கு வெளியே இருக்கும். கேமரா இடது ஓரத்தில் இருக்கும்போது வலது பக்கத்து 515 புள்ளிகள் மறைந்திருக்கும். புலி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பியவுடன் புலி தெரிந்துவிடும். வீடியோவில் அதைக் குரல் சொல்லும்வரை ஒளித்து வைக்கலாம்.

இப்போது குரலைக் கேட்டு நொடிகளைக் குறித்தேன். இந்தக் கட்டத்துக்கு மொத்தம் 14 நொடி. முதல் 4 நொடியில் படகோட்டியின் பேச்சு. பிறகு ஆற்றைப் பற்றிய வர்ணனை. 11-வது நொடியில் புலி. ஆகவே 4 நொடி வரை கேமரா அசையக் கூடாது. 4-லிருந்து 11 வரை நகர வேண்டும். கடைசி 3 நொடி புலியின் மேல் நிற்க வேண்டும். என் முதல் வீடியோவில் 14 நொடியும் ஒரே சீராக நகரவிட்டிருந்தேன். படகோட்டி பேசிக் கொண்டிருக்கும்போதே அவருடைய பேச்சுக் குமிழ் திரையை விட்டு வெளியேறிவிட்டது.

வேகம் அதிகமாகிவிடுமோ? 7 நொடியில் 515 புள்ளிகள் என்றால் நொடிக்குச் சுமார் 74. ஒளிப்பதிவாளர்களிடம் ஒரு பழைய விதி உண்டு. கேமரா திரும்பும்போது ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்குப் போக 7 நொடியாவது ஆக வேண்டும் என்பது அது. 1920-ஐ 7-ஆல் வகுத்தால் நொடிக்கு 274 புள்ளிகள். எழுத்துகள் உள்ள படத்துக்கு அதிலும் பாதி வேகம் இருந்தால் நல்லது. நாம் 74-ல்தான் இருக்கிறோம், கவலை இல்லை.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது?

அம்மா சொன்ன நடுக்கத்துக்கு வருவோம். என் முதல் வீடியோவில் 515 புள்ளிகளை 14 நொடியில் கடக்க வைத்தேன். நொடிக்கு 30 பிரேம் வீதம் மொத்தம் 420 பிரேம்கள். ஒரு பிரேமுக்கு 1.23 புள்ளி நகர வேண்டும். ஆனால் படத்தை வெட்டும் புரோகிராம் 1.23 புள்ளி தள்ளி வெட்டாது. முழு எண்ணில்தான் வெட்டும். ஆகவே 1, 1, 1, 1, பிறகு 2, மறுபடி 1, 1, 1, பிறகு 2 என்று தாவித் தாவிப் போகிறது. அந்த 2 வரும் ஒவ்வொரு முறையும் படம் ஒரு சிறு குலுக்குக் குலுங்குகிறது. நொடிக்கு ஆறேழு குலுக்கல்! வேகமாக நகரும் படத்தில் இது தெரியாது. மெதுவாக நகர்த்த நகர்த்தத்தான் கண்ணுக்குப் படும். சித்திரக்கதையின் அழுத்தமான செங்குத்துக் கோடுகளில் இன்னும் நன்றாகத் தெரியும்.

தீர்வு எளிது. முதலில் படத்தைத் தேவைக்கு நான்கு மடங்கு பெரிதாக்குங்கள். பெரிய படத்தில் முழு எண்ணில் வெட்டி நகர்த்துங்கள். பிறகு திரையளவுக்குச் சுருக்குங்கள். பெரிய படத்தின் ஒரு புள்ளி, திரையில் கால் புள்ளிதான். தாவல் இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாகிவிடும்.

எஃப்எஃப்எம்பெக்கின் `ffmpeg.exe` பைலை உங்கள் படங்கள் இருக்கும் போல்டரிலேயே வையுங்கள். எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் `cmd` என டைப் செய்து என்டர் தட்டினால் அந்தப் போல்டரிலேயே கட்டளை விண்டோ திறக்கும். முதலில் பெரிதாக்கும் கட்டளை:

```
ffmpeg -i p03.png -vf "scale=-2:4320:flags=lanczos" p03big.png
```

4320 என்பது 1080-ன் நான்கு மடங்கு. அகலத்தை அதுவே கணக்கிட்டுக் கொள்ளும். அடுத்து நகர்த்தும் கட்டளை:

```
ffmpeg -loop 1 -framerate 30 -t 14 -i p03big.png ^
 -vf "format=rgb24,crop=7680:4320:x='(iw-ow)*(1-cos(PI*clip((t-4)/7,0,1)))/2':y=0,scale=1920:1080,setsar=1" ^
 -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p p03.mp4
```

பயமுறுத்துகிறதே என்று நினைக்க வேண்டாம். நீங்கள் மாற்ற வேண்டியவை பைல் பெயர்களும் மூன்று எண்களும்தான். `-t 14` என்பது கட்டத்தின் மொத்த நொடி. `(t-4)/7` என்பதில் 4 என்பது நகரத் தொடங்கும் நொடி, 7 என்பது நகரும் நேரம். `clip` என்பது அதற்கு முன்னும் பின்னும் படத்தை நிறுத்தி வைக்கிறது. `cos` இருப்பதால் கேமரா வெடுக்கென்று கிளம்பாது. ரயில் புறப்படுவது போல மெதுவாகத் தொடங்கி, மெதுவாக நிற்கும். நடுவில் வேகம் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு ஆகும். நம் கட்டத்தில் அது நொடிக்குச் சுமார் 116 புள்ளிகள், அதுவும் பாதுகாப்பான அளவுதான்.

`format=rgb24` என்பதை விட்டுவிடாதீர்கள். வீடியோவுக்கான நிற அமைப்பில் நிறத் தகவல் இரண்டு புள்ளிக்கு ஒருமுறைதான் இருக்கும். அந்த அமைப்பில் வெட்டினால் எஃப்எஃப்எம்பெக் இரண்டிரண்டு புள்ளியாகத் தாவும். நாம் பட்ட பாட்டில் பாதி வீணாகும்.

இந்தக் கட்டளை முடியச் சில நிமிடங்கள் ஆகலாம். ஒவ்வொரு பிரேமும் நூறு எம்பி-க்கு மேல் நினைவகத்தைக் கேட்கும். பழைய கம்ப்யூட்டர் திணறினால் நான்கு மடங்குக்குப் பதில் இரண்டு மடங்கு வையுங்கள். அதாவது முதல் கட்டளையில் 2160, இரண்டாவதில் `3840:2160`. நடுக்கம் முழுவதும் போகாது, ஆனால் பாதியாகக் குறையும்.

மற்ற கட்டங்கள்

எல்லாக் கட்டமும் நீளமானதாக இருக்காது. கட்டத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். 1.78-ஐ விட அதிகமாக இருந்தால் மேலே சொன்னபடி இடமிருந்து வலமாக நகர்த்தலாம். குறைவாக இருந்தால் மேலிருந்து கீழாகத்தான் நகர்த்த இடம் இருக்கும். அப்போது பெரிதாக்கும் கட்டளையில் `scale=7680:-2` என்று எழுதுங்கள். நகர்த்தும் கட்டளையில் `x=0` என வைத்து, நீண்ட கணக்கை `y=` என்பதற்கு மாற்றி, `iw-ow` இருக்கும் இடத்தில் `ih-oh` எனப் போடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழை நாம் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் படிக்கிறோம். ஓவியரும் பேச்சுக் குமிழ்களை அந்த வரிசையில்தான் வைத்திருப்பார். முதலில் பேசுபவர் மேலே இடது பக்கம், பதில் சொல்பவர் வலது பக்கம். மாறுதலுக்காக வலமிருந்து இடமாக நகர்த்தினால் பதில் முன்னாலும் கேள்வி பின்னாலும் வந்துவிடும்.

இரண்டு பேர் நின்று பேசும் சிறிய கட்டங்களை நகர்த்தவே வேண்டாம். எல்லாம் நகர்ந்தால் ஊஞ்சலில் உட்கார்ந்து படம் பார்ப்பது போல ஆகிவிடும். இப்படிப்பட்ட கட்டத்தை முழுதாகத் திரை நடுவில் வைத்து இரு பக்கமும் கறுப்பாக விடலாம். இதற்குப் பெரிதாக்கத் தேவையில்லை.

```
ffmpeg -loop 1 -framerate 30 -t 6 -i p04.png ^
 -vf "scale=1920:1080:force_original_aspect_ratio=decrease,pad=1920:1080:(ow-iw)/2:(oh-ih)/2,setsar=1" ^
 -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p p04.mp4
```

எங்கள் கதையில் 24 கட்டங்கள். அவற்றில் 9 மட்டும்தான் நகர்கின்றன.

ஒன்று சேர்த்தல்

எல்லாக் கட்டங்களும் தயாரானதும் நோட்பேடில் `list.txt` என்று ஒரு பைல் உருவாக்கி, வரிக்கு ஒன்றாகப் பெயர்களை எழுதுங்கள்.

```
file 'p01.mp4'
file 'p02.mp4'
file 'p03.mp4'
```

பிறகு இந்தக் கட்டளை, படங்களை வரிசையாக ஒட்டிக் குரலையும் சேர்த்துவிடும்.

```
ffmpeg -f concat -safe 0 -i list.txt -i kathai.wav -c:v copy -c:a aac -b:a 160k kathai.mp4
```

ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் குரலை வெட்டி ஒட்டாமல் முழுக் குரலையும் ஒரே துண்டாகச் சேர்க்கிறோம். தனித்தனியாகச் சேர்த்தால் ஒட்டும் இடங்களில் ஒலி சற்று விட்டு விட்டு வரக்கூடும். முன்பு முழு நொடிகளாக அளந்து வைத்தது இதற்குத்தான். வீடியோத் துண்டுகளின் மொத்த நீளமும் குரல் பைலின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். கதையின் நடுவில் குரல் முந்தினால் எங்கோ ஒரு துண்டில் `-t` எண்ணைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். குரலும் படமும் எந்தக் கட்டத்தில் முதலில் பிரிகின்றன என்று பாருங்கள். தவறு அதற்கு முந்தைய துண்டில் இருக்கும்.

குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

வீடியோவைப் பார்க்கும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றினால், குறை எது என்று முதலில் பிரித்து அறியுங்கள். வண்ணப் பரப்புகள் மட்டும் மினுமினுத்து, கறுப்புக் கோடுகள் அமைதியாக நகர்ந்தால் அது அச்சுப் புள்ளிகளின் வேலை. கிம்பில் மங்கலாக்கும் அளவைக் கூட்டுங்கள். படம் முழுவதும் சேர்ந்து குலுங்கினால் அது முழு எண் தாவல். விஎல்சி பிளேயரில் `E` கீயைத் தட்டத் தட்ட வீடியோ பிரேம் பிரேமாக நகரும். ஒரு செங்குத்துக் கோட்டைப் பார்த்துக் கொண்டே தட்டுங்கள். சில தட்டலுக்குச் சிறிதாகவும் ஒரு தட்டலுக்குப் பெரிதாகவும் கோடு நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிரேம்கள் சீராக இருந்தும் ஓடவிடும்போது மட்டும் தடுக்குகிறதா? அப்படியானால் பிரேம் வேகத்தைப் பாருங்கள். பல கம்ப்யூட்டர் திரைகளும் செல்போன் திரைகளும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அத்தகைய திரையில் 30 பிரேம் வீடியோவின் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும். 25 என்று வைத்தால் ஒரு பிரேம் இரண்டு முறையும் இன்னொன்று மூன்று முறையும் வரும். அந்தத் தடுக்கலை எந்தக் கட்டளையாலும் போக்க முடியாது. அதனால்தான் மேலே எல்லா இடத்திலும் 30 என்று கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது முறை செய்த வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். இந்த முறை நடுக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அந்தப் படகுக்காரன் பேசுற எடத்துல நான் கொஞ்சம் வேகமாப் படிச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னார். தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். புலி வரும் கட்டத்தை மட்டும் அவன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதாகத் தங்கை போனில் சொன்னாள்.

நீங்கள் தொடங்கும்போது முழுப் புத்தகத்தையும் எடுக்காதீர்கள். நீண்ட கட்டம் ஒன்றாவது உள்ள ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, ஸ்கேன் முதல் கடைசிக் கட்டளை வரை செய்து பாருங்கள். உங்கள் புத்தகத்தின் அச்சுக்கு எவ்வளவு மங்கலாக்க வேண்டும், உங்கள் கம்ப்யூட்டர் நான்கு மடங்கைத் தாங்குமா என்ற இரண்டு விஷயங்களும் அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.